துணி "நிக்கும்", "விழும்" என்று கடையில் சொல்வது எதை? மொடமொடப்பு, பாடி, ஃபால், ஹேண்ட் ஃபீல்: கையால் சோதித்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பர்கூர் ஜவுளிக் கடைகளில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், நாலு சொல் மாறி மாறிக் காதில் விழும். "நல்லா கிரிஸ்ப்பா இருக்கும்க்கா", "இது பாடி உள்ள துணி", "ஃபால் அருமையா வரும்", "ஹேண்ட் ஃபீல் பாருங்க." அதே துணியைக் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் எங்கள் தையல் கடைக்குக் கொண்டு வந்தால், நாங்கள் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு "இது நிக்காது" என்றோ "இது விழாது" என்றோ சொல்வோம். வாங்கி வந்தவர் முகம் வாடிவிடும். கடைக்காரர் பொய் சொன்னாரா, தையல்காரர் வேண்டுமென்றே குறை சொல்கிறாரா என்று அவருக்குக் குழப்பம்.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. கடைக்காரர் சொல்வது பீஸ் இப்போது இருக்கிற நிலையை. தையல்காரர் யோசிப்பது வெட்டி, தைத்து, இரண்டு முறை துவைத்த பிறகு வரப்போகிற நிலையை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆலையில் துணி மேல் ஏற்றிய பூச்சு. இந்த நாலு சொல்லையும் புரிந்துகொள்ள ஒரே வழி, ஒவ்வொன்றிலும் துணியின் சொந்தக் குணம் எவ்வளவு, பூச்சு தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான். அதை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். கடைசியில் ஒரு அம்பர்லா கட் குர்த்தியை எடுத்துக்கொண்டு, துணி தேர்வு முதல் தையல் வரை இந்த நாலும் எங்கே எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம்.

படி 1: பூச்சைக் கண்டுபிடியுங்கள்

தறியில் ஏற்றும் முன், துணியின் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். ஊடை நூல் குறுக்கே ஓடும்போது பாவு உரசி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. நெய்து முடித்ததும் அந்தக் கஞ்சியை எடுத்துவிட்டுத்தான் சாயம் போடுவார்கள். சாயம் போட்ட பிறகு, கடையில் பார்வைக்கும் கைக்கும் எடுப்பாக இருக்க வேண்டும் என்று மறுபடி ஒரு பூச்சு ஏற்றுவார்கள். ஸ்டார்ச் இருக்கலாம், செயற்கைப் பசை இருக்கலாம், மலிவான துணி என்றால் வெள்ளை களிமண் தூளும் கலந்திருக்கலாம். நம் தருமபுரிப் பக்கம் விளைகிற மரவள்ளிக்கிழங்கின் மாவும் இந்த வேலைக்குப் போகிற சரக்குதான். இதற்கு மேல் சூடான உருளைகளுக்கு இடையில் அழுத்தி எடுத்தால் துணி தட்டையாகி, ஒரு மினுமினுப்பும் வரும். மென்மையாகக் காட்ட வேண்டிய துணிக்கு சிலிக்கான் கலந்த மென்மையாக்கி போடுவார்கள்.

இதில் எதுவும் மோசடி இல்லை. எல்லா ஆலையிலும் நடப்பதுதான். ஆனால் ஸ்டார்ச்சும் உருளை மினுமினுப்பும் முதல் துவைப்பிலேயே பெரும்பகுதி போய்விடும். சிலிக்கான் கொஞ்சம் மெதுவாக, துவைக்கத் துவைக்கக் குறையும்.

கடையிலேயே பார்க்க மூன்று வழி உண்டு. பீஸின் ஓரத்தில் ஒரு சிறு இடத்தை இரண்டு கையாலும் பிடித்து, துணி துவைக்கிற மாதிரி பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேயுங்கள். கறுப்புத் துணி அல்லது கறுப்புக் கைப்பைக்கு மேலே வைத்துத் தேய்த்தால் வெள்ளைத் தூள் விழுவது தெரியும். தேய்த்த இடத்தையும் தேய்க்காத இடத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தேய்த்த இடத்தில் நூல் நடுவே ஓட்டைகள் புதிதாகத் தெரிந்தால், அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது பூச்சு. அப்புறம், கடைக்காரர் ஒப்புக்கொண்டால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பூச்சு குறைந்த பருத்தி சட்டென்று உறிஞ்சிவிடும். சொட்டு உருண்டையாகக் கொஞ்ச நேரம் நின்றால் மேலே ஏதோ இருக்கிறது.

தேய்க்கும்போது கடைக்காரர் முகம் சுளித்தால், கரைப் பக்கம் ஒரு அங்குலத்தில் மட்டும் செய்து பாருங்கள். மொத்தக் கடையில் பீஸ் பீஸாக வாங்கிப் பழகியவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், அவர்களுக்கு இது புதிதல்ல.

படி 2: மொடமொடப்பு யாருடையது?

"கிரிஸ்ப்" என்று கடையில் சொல்வதை நாம் மொடமொடப்பு என்போம். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ஏனென்றால் கஞ்சியின் விறைப்பும், நூலில் இருந்து வருகிற மொடமொடப்பும் முதல் தொடுதலில் ஒன்று போலவே இருக்கும்.

நூலில் இருந்து வருவது முறுக்கால் வருகிறது. நூலை அதிகமாக முறுக்கி நெய்தால், ஒவ்வொரு நூலும் வளைக்கும்போது எதிர்த்து நிற்கும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். "வாயில்" என்ற வகைத் துணி மெல்லியது, ஆனாலும் தொட்டால் உலர்ந்து, லேசாக நறநறவென்று இருக்கும். காரணம் முறுக்கு. ஜார்ஜெட்டிலும் அதேதான், அங்கே வலப்பக்கம் முறுக்கிய நூலும் இடப்பக்கம் முறுக்கிய நூலும் கலந்து நெய்வதால் மேற்பரப்பே மணல் மணலாக இருக்கும். இந்த மொடமொடப்பு துவைத்தாலும் போகாது, நூலுக்குள்ளேயே இருக்கிறது.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. பருத்தி ஆர்கண்டியை ஆலையில் அடர் கந்தக அமிலத்தில் சில நொடிகள் மட்டும் நனைத்து உடனே கழுவி எடுப்பார்கள். இழையின் மேற்பரப்பு மாறிவிடுவதால் அந்த விறைப்பு நிரந்தரம். பட்டு ஆர்கன்சாவின் கதை நம் ஊருக்கு நெருக்கமானது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகிற கூட்டிலிருந்து இழுக்கிற நூலின் மேல் செரிசின் என்ற இயற்கைப் பசை இருக்கும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை நீக்கினால் நமக்குத் தெரிந்த வழவழப்பான பட்டு கிடைக்கும். நீக்காமல் நெய்தால் மொடமொடவென்று நிற்கும் ஆர்கன்சா. அதனால்தான் நிஜப் பட்டு ஆர்கன்சாவைச் சூடான சோப்புத் தண்ணீரில் போட்டால் தளர்ந்துபோகிறது. கடையில் ஆர்கன்சா என்று வருவதில் பல பாலியெஸ்டர் நூல், அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை.

சரி, கடையில் எப்படிப் பிரிப்பது? துணியின் ஒரு மூலையைக் கைப்பிடிக்குள் நன்றாகக் கசக்கி, ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறங்கள். முறுக்கு நூல் துணி தானாக விரியும், மடிப்புகள் வட்டமாக, மங்கலாக இருக்கும். கஞ்சித் துணி காகிதம் போல முறிந்து, கூர்மையான கோடுகளுடன் அப்படியே கிடக்கும். அடர் நிறத் துணி என்றால் அந்தக் கோடுகள் வெளுப்பாகவே தெரியும், கஞ்சிப் படலம் உடைந்த இடம் அது. கூடவே காதையும் கொடுங்கள். கஞ்சித் துணி கசக்கும்போது சரசரக்கும், பத்து முறை கசக்கிய பின் சத்தம் குறைந்துவிடும். முறுக்கு நூல் துணியில் தொடக்கத்தில் இருந்த உணர்வே பத்தாவது முறையும் இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ச் காற்றின் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். ஐப்பசி மழையில் பார்த்தால் தொய்வாகத் தெரிகிற பீஸ், சித்திரையில் பார்த்தால் மொடமொடப்பாக இருக்கும். ஒரே துணி, ஒரே கடை. அதனால் முதல் தொடுதலை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம், கசக்கிப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

மொடமொடப்பு எங்கே தேவை என்றால், மடிப்பும் விளிம்பும் கூர்மையாக நிற்க வேண்டிய இடத்தில். சட்டைக் காலர், கஃப், பிளீட் வைத்த பாவாடை. அது பூச்சால் வந்தது என்று தெரிந்துகொண்டே வாங்குவதிலும் தவறில்லை. வீட்டில் ஒவ்வொரு முறையும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யத் தயாரா என்பது மட்டும்தான் கேள்வி.

படி 3: பாடி என்றால் எடை அல்ல

"பாடி இருக்கு" என்றதும் பலர் கனமான துணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எடை வேறு. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையை கிராமில் சொல்வதுதான் ஜி.எஸ்.எம். சட்டைக்கு எடுக்கும் பாப்ளினும் குர்த்திக்கு எடுக்கும் ரேயானும் பெரும்பாலும் நூறிலிருந்து நூற்று நாற்பது ஜி.எஸ்.எம். அளவில்தான் இருக்கும். ஆனால் மேசையில் இரண்டையும் அள்ளிப் போட்டால் பாப்ளின் மேடாக நிற்கும், ரேயான் சரிந்து படுத்துவிடும். பாப்ளினுக்குப் பாடி இருக்கிறது, ரேயானுக்கு இல்லை.

பாடி என்பது துணிக்குள் இருக்கிற நிறைவு. அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்து, விட்டால் மீண்டு, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்காமல் தன் வடிவத்தில் நிற்கும் தன்மை. நூல் உப்பலாக இருந்தாலும் வரும், நெசவு நெருக்கமாக இருந்தாலும் வரும். ட்வில் நெசவில் நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று தாவித் தாவிப் போவதால் அதிக நூலைத் திணிக்க முடியும், அதனால் பேண்ட் துணிக்கு அது ஏற்றது.

சோதனை எளிது. துணியை நாலாக மடித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள். விரல் உடனே ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி இருந்தால் பாடி இல்லை. கொஞ்சம் மெத்தென்று தடுத்து, விட்டதும் விரலைத் தள்ளினால் இருக்கிறது. அடுத்து ஒற்றை மடிப்பில் ஒரு சாவியையோ நாணயத்தையோ துணிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். அதன் விளிம்பு மேலே அச்சாகத் தெரிந்தால், உள்ளே வரும் தையல் மடிப்பும் பாக்கெட் துணியும் நாளைக்கு அப்படித்தான் வெளியே தெரியும். தையல்காரருக்குப் பாடி முக்கியமாவது இதனால்தான். பாடி இல்லாத துணியில் ஒவ்வொரு தையலும் வெளியே சொல்லிக்கொண்டு நிற்கும், லைனிங் கொடுத்தே ஆக வேண்டும்.

பூச்சு பாடியையும் போலியாகக் காட்டும். களிமண் ஏற்றிய துணி விரலுக்குக் கெட்டியாக இருக்கும், ஆனால் விட்டால் மீளாது. படி 1-ல் தேய்த்த இடத்தில் மறுபடி இந்த விரல் சோதனையைச் செய்யுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

படி 4: ஃபால், அதாவது துணி எப்படி விழுகிறது

நாலில் எனக்கு மிகவும் பிடித்தது இது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மென்மையான துணி நல்லா விழும், விறைப்பானது விழாது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி.

துணி விழுவது இரண்டு விஷயங்களுக்கு நடுவே நடக்கும் இழுபறி. வளைய மறுக்கும் விறைப்பு ஒரு பக்கம், கீழே இழுக்கும் சொந்த எடை இன்னொரு பக்கம். எடை அதிகமானால், கைக்கு விறைப்பாகத் தெரிகிற துணிகூட நன்றாக விழும். எடை ரொம்பக் குறைவானால், அவ்வளவு விறைப்பு இல்லாத துணிகூடக் காற்றில் விரிந்து நிற்கும். ஆர்கன்சா பொம்மிக்கொண்டு நிற்பதற்கு அதன் விறைப்பு மட்டும் காரணமில்லை, அதை அடக்கிக் கீழே இழுக்க எடையே இல்லை என்பதும் காரணம். இதை 1930-ல் பியர்ஸ் என்ற இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் அளந்து எழுதினார். ஒரு துணி தன் எடையாலேயே எவ்வளவு நீளத்தில் வளைகிறது என்று பார்த்தால் போதும், அது எப்படி விழும் என்று ஊகிக்கலாம் என்பது அவர் கண்டது. அவர் முறையை வீட்டில் ஸ்கேலை வைத்தே செய்யலாம், சற்று நேரத்தில் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: பாவும் ஊடையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நகர்கிறதா என்பது. துணியை நேராகப் பிடித்து இழுத்தால் நீளாது. மூலைக்கு மூலை, அதாவது நாங்கள் கிராஸ் என்று சொல்லும் வாட்டத்தில் இழுத்தால் நீளும், ஏனென்றால் சதுரங்கள் சாய்சதுரங்களாக மாறுகின்றன. இந்த நகர்வு தாராளமாக இருக்கிற துணி உடம்பின் வளைவுகளில் படிந்து விழும். நெருக்கமாக நெய்த டஃபேட்டா போன்றதில் நூலுக்கு நகர இடமே இல்லை, அதனால் பெரிய பெரிய முனைகளாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கடையில் சோதிக்க, பீஸைக் குறைந்தது ஒரு மீட்டர் பிரிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரே இடத்தைக் கிள்ளித் தூக்கி, கீழே தொங்க விடுங்கள். எத்தனை மடிப்பு விழுகிறது, எவ்வளவு அகலமாக விரிகிறது என்று பாருங்கள். மடிப்புகள் நிறைய, சன்னமாக, கிட்டத்தட்ட நேராகக் கீழே போனால் ஃபால் நன்றாக இருக்கிறது. மூன்று நாலு தடித்த மடிப்பு வெளியே விரிந்தால் அந்தத் துணி நிற்கும், விழாது. ஆய்வகத்திலும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். வட்டமாக வெட்டிய துணியை அதைவிடச் சிறிய வட்டத் தட்டின் மேல் போட்டு, தொங்கும் ஓரத்தின் நிழல் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்று அளப்பார்கள். அடுத்து, கிராஸில் இரண்டு கையாலும் லேசாக இழுத்து விடுங்கள். இழுபட்டு மீண்டால் நல்லது. இழுபட்டு அப்படியே நின்றால் அந்தத் துணியில் விளிம்பு தொய்யும், தையல்காரருக்கு வேலை வைக்கும்.

விற்பனையாளர் தோளில் போட்டுக் காட்டுவதை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எந்தத் துணியும் தோளில் ஐந்து மீட்டர் எடையோடு போட்டால் அழகாகத்தான் விழும்.

படி 5: ஹேண்ட் ஃபீல்

இது மற்ற மூன்றும் சேர்ந்து கையில் தருகிற மொத்த உணர்வு. கூடவே மேற்பரப்பின் வழவழப்பும், தொட்டதும் வருகிற குளிர்ச்சியும். தட்டையான, மயிர் இல்லாத துணி தோலில் அதிகப் பரப்பில் படுவதால் முதல் நொடியில் சில்லென்று இருக்கும். பஞ்சு மயிர் நிற்கிற துணி வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் காற்று நிற்பதால். கிருஷ்ணகிரி வெயிலில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவாபாட்டா 1970-களில் துணி வல்லுநர்களை உட்கார வைத்து, அவர்கள் விரல் உணர்வதை இயந்திரத்தால் அளக்க முயன்றார். அவர்கள் விறைப்பையும், முறுக்கு நூலின் நறநறப்பையும், விரிந்து நிற்கும் தன்மையையும் தனித்தனிக் குணங்களாகப் பிரித்தார்கள். நாம் மூன்றையும் மொடமொடப்பு என்ற ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். ஜார்ஜெட் தொட்டால் நறநறப்பு, ஆனால் அருமையாக விழும். இரண்டும் வேறு வேறு குணம் என்பதற்கு அதுவே சாட்சி.

கையைத் துடைத்து உலர்த்திவிட்டுத் தொடுங்கள். துணி குத்துகிறதா என்பதை உள்ளங்கையைவிட முன்கையின் உட்புறத் தோல் நன்றாகச் சொல்லும். வீட்டு வேலையிலும் ஊசியிலும் விரல் காய்த்துப்போனவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

படி 6: வீட்டில் ஸ்கேல் சோதனை

கடையில் கால் மீட்டர் துண்டு மட்டும் கேட்டு வாங்குங்கள். சில்லறையில் தருவார்கள், மொத்தக் கடையில் சாம்பிள் துண்டு கிடைக்கலாம். அதிலிருந்து பாவு வாட்டத்தில், அதாவது கரைக்கு இணையாக, 2.5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புடன் அலசி, நிழலில் உலர்த்தி, அழுத்தாமல் இஸ்திரி செய்யுங்கள்.

ஒரு அட்டையில் சாய்கோடு வரையுங்கள். ஒரு புள்ளியிலிருந்து கிடையாக 10 செ.மீ., அங்கிருந்து நேர் கீழே 8.8 செ.மீ. அளந்து, முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்தால் கோடு சுமார் 41.5 பாகை சரிவில் இருக்கும். முதல் புள்ளி மேசை விளிம்பில் வருகிற மாதிரி அட்டையை மேசையின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். துணிப் பட்டையை மேசை மேல் வைத்து, அதன் மேல் ஸ்கேலை வைத்து, இரண்டின் முனையும் மேசை விளிம்போடு பொருந்தச் செய்து, இரண்டையும் சேர்த்து மெதுவாக விளிம்புக்கு வெளியே தள்ளுங்கள். பட்டை வளைந்துகொண்டே வந்து, அதன் முனை சாய்கோட்டைத் தொடும் நொடியில் நிறுத்துங்கள். ஸ்கேல் எத்தனை செ.மீ. வெளியே வந்திருக்கிறதோ அதுதான் அளவு. அதில் பாதியைத்தான் பியர்ஸ் வளைவு நீளம் என்றார். துணிகளை ஒப்பிட நமக்கு முழு அளவே போதும். பட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பாருங்கள், இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு குறைவாக இருந்தால் துணி நன்றாக விழும். அதிகமாக இருந்தால் நிற்கும். துவைத்த பட்டைக்கும் துவைக்காத பட்டைக்கும் இருக்கிற வித்தியாசம்தான் பூச்சு தந்த பங்கு. ஃபேன் காற்றில் செய்ய வேண்டாம், அளவு தாறுமாறாகும். ஓரம் சுருளும் பின்னல் துணிகளுக்கும் இந்த முறை சரிப்படாது.

ஒரு அம்பர்லா கட் குர்த்தி

இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். காலேஜ் போகும் பெண்ணுக்கு முழு வட்ட அம்பர்லா குர்த்தி, கழுத்தில் ஸ்டாண்ட் காலர், கையில் பஃப். அம்மா பர்கூரில் இரண்டு துணியின் துண்டுகளை எடுத்து வருகிறார். ஒன்று மொடமொடப்பான பருத்திப் பாப்ளின், இன்னொன்று ரேயான். "காட்டன்தாங்க உயிரா இருக்கு, ரேயான் சவசவன்னு கிடக்குது" என்கிறார். பெண்ணுக்கு ரேயான்தான் வேண்டும்.

ஸ்கேல் சோதனையில் பாப்ளின் துவைக்கும் முன் 6 செ.மீ., துவைத்த பின் 4.4. ரேயான் முன் 3.5, பின் 3.3. ஆக அம்மாவுக்குப் பிடித்த உயிரில் ஒரு நல்ல பங்கு கஞ்சி. துவைத்த பிறகும் பாப்ளின் ரேயானைவிட நிற்கும் துணிதான், ஆனால் கடையில் பார்த்த அளவுக்கு இல்லை.

இனி தையல் கணக்கு. இடுப்புச் சுற்றளவு தளர்வோடு 70 செ.மீ. என்றால், நடு வட்டத்தின் ஆரம் சுமார் 11 செ.மீ. இடுப்பிலிருந்து கீழே 75 செ.மீ. நீளம் வேண்டும், ஆக வெளி ஆரம் 86. கீழ்ச் சுற்றளவு ஏறக்குறைய 5.4 மீட்டர் வரும். இவ்வளவு துணியும் இடுப்பில் 70 செ.மீ. ஆகத் தொடங்கி கீழே மடிப்பு மடிப்பாக அடங்க வேண்டும். பாப்ளினில் அது தடித்த முனைகளாகப் பிரிந்து, பக்கவாட்டில் விரிந்து நிற்கும். ரேயானில் சன்னமான மடிப்பாக நேரே இறங்கும். முழு வட்டத்துக்கு ஃபால்தான் முதல் தேவை, அந்த இடத்தில் ரேயானே சரி. இதே பெண் நேர் கட்டிங்கில் ஏ-லைன் கேட்டிருந்தால் நான் பாப்ளினையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

துணி அளவு: 44 அங்குல அகலத்தில் அரை வட்டம் இரண்டு வெட்ட, மடிப்புக்கும் சேர்த்து மூன்றரை மீட்டர். மேல் உடம்புக்கும் கைக்கும் ஒன்றேகால். ரேயான் துவைத்தால் மீட்டருக்கு நாலைந்து செ.மீ. சுருங்குவது வழக்கம், ஆகவே ஐந்து மீட்டர் வாங்கச் சொல்வேன். வெட்டும் முன் முழுத் துணியையும் தண்ணீரில் நனைத்து உலர்த்தியே ஆக வேண்டும். ரேயான் ஈரத்தில் பலம் குறையும், பிழியாமல் அப்படியே தொங்கப் போடுங்கள்.

ரேயானின் குறை மேலே தெரியவரும். ஸ்டாண்ட் காலருக்கு மொடமொடப்பு வேண்டும், ரேயானில் அது கிடையாது. காலருக்குள் ஃபியூசிங் வைத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது. மெல்லிய ஃபியூசிங் போதும், சட்டைக் காலருக்குப் போடுகிற தடிப்பை வைத்தால் கழுத்தில் அட்டை மாதிரி நிற்கும். பஃப் கைக்குத் தேவை பாடி. ரேயானில் பஃப் தைத்தால் மாட்டிய பத்தாவது நிமிடமே தோளில் அமுங்கிவிடும். கைத் தலைப்பின் உட்புறம் ஆர்கன்சாவில் ஒரு பட்டை சுருக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தால் தூக்கி நிறுத்தும். தோலில் குத்தாமல் இருக்க அந்தப் பட்டைக்குக் கீழே மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று வேண்டும். மார்புப் பகுதிக்கு லைனிங், ஏனென்றால் நாணயச் சோதனையில் அச்சு நன்றாகவே தெரிந்தது.

அடுத்தது விளிம்பு. முழு வட்டத்தில் நாலு இடத்தில் துணி சரியாகக் கிராஸில் தொங்கும். அந்த நாலு இடமும் எடையால் இழுபட்டு மற்ற இடங்களைவிடக் கீழே இறங்கும். ரேயானில் நூல்கள் தாராளமாக நகர்வதால் இந்த இறக்கம் கண்ணுக்கே தெரியும். அதனால் இடுப்பில் இணைத்தவுடன் கீழ் மடிப்புத் தைக்கக் கூடாது. ஒரு இரவு முழுக்க ஹேங்கரில் தொங்க விட்டு, மறுநாள் பெண்ணை அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஸ்கேலால் சுற்றிலும் சாக் வைத்து, அதிகமாக இறங்கியதை வெட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். மடிப்பு சன்னமாக இருக்கட்டும். அகலமாக மடித்தால் வட்டத்தில் சுருங்கி, அந்த ஓரம் மட்டும் விறைத்து, மேலே அழகாக விழுந்த மடிப்பு எல்லாம் கீழே வந்து கலைந்துவிடும்.

தையல்காரரிடம் கொடுக்கும்போது "நல்லா தைச்சுக் குடுங்கண்ணா" என்று மட்டும் சொல்லாமல், துணியை நனைத்துவிட்டீர்களா இல்லையா, ஸ்கேலில் எவ்வளவு வந்தது, எந்த இடம் நிற்க வேண்டும், எந்த இடம் விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். காலர் நிற்கணும், கை நிற்கணும், இடுப்புக்குக் கீழே விழணும் என்று மூன்று வாக்கியம் போதும், ஃபியூசிங், ஆர்கன்சா, லைனிங் எது எங்கே என்று அவர் அளவு எடுக்கும்போதே எழுதிக்கொள்வார்.